கரண்ட் இல்லை, ஷிப்ட் 1:30-க்கு: டி.எல்.லிடம் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?

மாடிவீடு – வெள்ளி, இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். இங்கிலாந்து கஸ்டமர்களுக்குச் சாட்டில் பதில் சொல்லும் வேலை. ஷிப்ட் மதியம் 1:30 முதல் இரவு 10:30 வரை.

நேற்று எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 முதல் 2 மணி வரை கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே பேப்பரில் வந்திருந்தது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, மோடமும் அதில்தான் ஓடுகிறது, அதனால் நான் கண்டுகொள்ளவில்லை. 12:30 வரை நெட்டும் நன்றாகத்தான் இருந்தது. 12:45-க்கு மோடத்தில் சிவப்பு லைட். 12:50-க்கு என் டீம் லீடருக்கு, அதாவது டி.எல்.லுக்கு, வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினேன்:

"சார், ஏரியால கரண்ட் இல்ல, நெட்டும் போயிடுச்சு. வந்ததும் லாகின் பண்றேன். சாரி சார்."

கரண்ட் வந்தது 2:40-க்கு. 3:05-க்கு லாகின் செய்தேன். மொத்தம் 95 நிமிடம் லேட். தகவல் சொல்லாமல் லேட் என்று போட்டு அரை நாள் சம்பளம் கட். நான் 12:50-க்கே சொன்னேனே என்றால், "உன் மெசேஜ் எனக்கு 1:52-க்குத்தான் வந்தது. வந்திருந்தாலும் அதை வைத்து நான் என்ன செய்திருக்க முடியும்?" என்கிறார். அந்த இரண்டாவது கேள்விதான் எனக்குப் புரியவில்லை. இதைவிட எப்படிச் சொல்வது?

சோலைக்குயில் – சனி, காலை 6:15

சகோதரி, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு அடியுங்கள், 94987 94987. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், புகார் எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் பியூஸ் போனபோது ஒன்றரை மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது.

மாடிவீடு – சனி, காலை 8:02

நன்றிங்க. ஆனால் இது அறிவித்த மின்தடை, புகார் கொடுக்க ஒன்றும் இல்லை. டி.எல்.லிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் என் கேள்வி.

பழைய_டிஎல் – சனி, காலை 9:30

ஆறு வருடம் டி.எல்.லாக இருந்தேன். அதற்கு முன்னால் இரண்டு வருடம், யார் லாகின் ஆனார்கள், யார் ஆகவில்லை என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கும் மேசையில் இருந்தேன். உங்கள் டி.எல். அந்தக் கேள்வியைக் கோபத்தில் கேட்டிருக்கலாம், ஆனால் கேள்வி நியாயமானது.

உங்கள் மெசேஜை அவர் இடத்தில் இருந்து படியுங்கள். இங்கே 1:30 என்றால் இப்போது அங்கே காலை 9 மணி, சாட் திறக்கிற நேரம். எத்தனை பேர் வேண்டும் என்று அரை மணிக்கு ஒரு கட்டமாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். 1:30 கட்டத்தில் ஒருவர் குறைகிறார் என்பது தெரிந்துவிட்டது. 2:00 கட்டத்தில் இருப்பாரா? 2:30-ல்? "வந்ததும்" என்ற சொல்லுக்கு அவரிடம் கட்டம் கிடையாது. காலை ஷிப்ட் ஆளை ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லலாமா, ட்ரெயினிங்கில் இருப்பவரை வெளியே கூப்பிடலாமா, இன்னொருவரின் பிரேக்கைத் தள்ளலாமா என்று முடிவு செய்ய அவருக்கு ஒரு நேரம் வேண்டும். தப்பான நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, பிறகு மாற்றிக்கொள்ளலாம். நேரமே இல்லையென்றால் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

என் டீமில் கரண்ட் போனால் நான் எதிர்பார்த்தது இப்படி ஒன்று:

"சார், காலை 9 முதல் கரண்ட் இல்லை. 12:45-க்கு ஃபைபரும் போய்விட்டது, மொபைல் நெட் நிற்கவில்லை. 1:30-க்கு லாகின் முடியாது. 2 மணிக்குக் கரண்ட் என்று அறிவிப்பு, அதனால் 2:30 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2:10-க்கு மறுபடி கூப்பிடுகிறேன். 3 மணி வரை வராவிட்டால் அரை நாள் லீவாக எடுத்துக்கொள்கிறேன். நேற்றைய கஸ்டமர் ஒருவருக்கு 2 மணிக்குப் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், டிக்கெட்டில் குறிப்பு இருக்கிறது, யாராவது பார்க்க முடியுமா?"

சாரி எங்கேயும் இல்லை, கவனியுங்கள். வேண்டுமானால் கடைசியில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் லேட்டாக வந்தது ரிப்போர்ட்டில் ஒரு வரியாகப் போய்விடும். 2 மணிக்குப் பதில் வரும் என்று காத்திருந்த கஸ்டமர் புகார் எழுதினால் அது கிளையன்ட் வரைக்கும் போகும்.

இன்னொன்று, 2 மணிக்குக் கரண்ட் என்றால் ஏன் 2:30 என்று எழுதினேன்? மோடம் எழுந்து நிற்க 3 நிமிடம். லேப்டாப், அப்புறம் வி.பி.என்., அப்புறம் ஓ.டி.பி., அப்புறம் சாட் டூல். நல்ல நாளிலேயே 15 நிமிடம் ஆகும். உங்களுக்கே பாருங்கள், 2:40-க்குக் கரண்ட், 3:05-க்கு லாகின். அந்த 25 நிமிடத்தை முதலிலேயே கணக்கில் சேர்க்காதவர்கள் "இதோ 5 நிமிடம் சார்" என்று நாலு தடவை அனுப்புவார்கள். நாலாவது தடவை உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஈரோடு_எக்ஸ்பிரஸ் – சனி, காலை 10:05

இவ்வளவு பெரிய கதை எதற்கு? ஹாட்ஸ்பாட் போட்டு லாகின் செய்ய வேண்டியதுதானே. சாட்டுக்கு எவ்வளவு டேட்டா ஆகிவிடும்? நான் இரண்டு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன், ஒரு நாள்கூட லேட் கிடையாது. ஹாட்ஸ்பாட்டும் வராவிட்டால் மோடம் சிவப்பு லைட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். ஆதாரம் இருந்தால் யாரும் கை வைக்க முடியாது.

பழைய_டிஎல் – சனி, காலை 10:40

ஹாட்ஸ்பாட் நல்ல யோசனை, பாதி நேரம். ஒரு வீட்டில் மட்டும் கரண்ட் போனால், அல்லது ஒரு தெருவில் மட்டும் கேபிள் அறுந்தால், அது கை கொடுக்கும். ஊரே இருட்டாக இருக்கும்போது எல்லோருமே மொபைல் நெட்டுக்கு வந்துவிடுவார்கள். டவரும் கரண்ட் இல்லாமல் பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருக்கும். சாட் எப்படியோ தத்தித்தத்தி ஓடும். வாய்ஸ் வேலை என்றால் நீங்கள் பேசுவது அந்தப் பக்கம் துண்டு துண்டாகக் கேட்கும். கஸ்டமர் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார். அந்த மாதிரி லாகின் ஆவதற்கு ஆகாமலே இருக்கலாம், ஏனென்றால் சிஸ்டம் உங்களை நம்பி கால் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

போட்டோ விஷயம். நேரம் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எச்.ஆர். கேட்டால் உதவும். ஆனால் முதல் மெசேஜாகப் போட்டோவை அனுப்பாதீர்கள். "சந்தேகப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்று சொல்வது போல இருக்கும். என்னிடம் போட்டோ மட்டும் அனுப்பிவிட்டு ஒரு வார்த்தைகூட எழுதாத பையன் ஒருவன் இருந்தான். சிவப்பு லைட்டைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வடமராட்சி – சனி, மதியம் 12:20

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். 2022 மார்ச் கடைசியில் எங்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம், ஒரு நாள் பதின்மூன்று மணித்தியாலம்கூடக் கரண்ட் இல்லை. டீசல் இல்லை, அதனால் ஜெனரேட்டரும் ஓடாது. அப்போது நான் ஒரு வெளிநாட்டுக் கணக்காளர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்தேன்.

ஒரு வகையில் எங்களுக்கு உங்களைவிட இலகு. ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்தில் பிரிவு கொடுத்து, எந்தப் பிரிவுக்கு எத்தனை மணிக்குப் போகும் எத்தனை மணிக்கு வரும் என்று முதல் நாளே அட்டவணை வெளியிடுவார்கள். நான் அதைப் பார்த்து, எனக்குக் கரண்ட் இருக்கிற மணித்தியாலங்களை மட்டும் எழுதி முதல் நாள் இரவே மேலாளருக்கு அனுப்பிவிடுவேன். "நாளை இந்த நேரங்களில் என்னைப் பிடிக்கலாம்" என்று. இல்லாத நேரத்தை எழுதினால் அவர் கழித்துப் பார்க்க வேண்டும், இருக்கிற நேரத்தை எழுதினால் அப்படியே தன் நாட்காட்டியில் போட்டுக்கொள்ளலாம். ஒரு முறைகூட அவர் குறை சொல்லவில்லை. ஆனால் என்னுடையது எந்நேரமும் செய்து கொடுக்கக்கூடிய கணக்கு வேலை, உங்களுடையதைப் போல 1:30-க்கு ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. அது பெரிய வித்தியாசம்தான்.

கேபிள்கடை – சனி, மதியம் 1:10

நான் நெட் கனெக்‌ஷன் கொடுக்கிறவன், சின்ன ஆபரேட்டர். மாடிவீடு அக்காவுக்கு நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் கஸ்டமர்களும் இதே சண்டைதான் போடுவார்கள். "என் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, மோடம் எரிகிறது, நெட் ஏன் வரவில்லை?"

உங்கள் வீட்டு மோடத்துக்குக் கரண்ட் இருந்தால் போதாது. அந்த ஃபைபரின் மறுமுனையில் ஆபரேட்டர் ரூமில் ஒரு மெஷின் இருக்கிறது, அதற்கும் கரண்ட் வேண்டும். காலை 9-க்குக் கரண்ட் போனதும் அது பேட்டரிக்கு மாறியிருக்கும். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தாக்குப்பிடித்து 12:45-க்கு உட்கார்ந்துவிட்டது. பேட்டரி பழசு என்றால் இரண்டு மணி நேரத்திலேயே போயிருக்கும். அதனால்தான் காலை முழுக்க நெட் வந்தது, ஷிப்ட் நேரத்தில் போனது.

டி.எல்.லுக்கு நேரம் சொல்ல வேண்டும் என்றால் லைட்டைப் பாருங்கள். LOS என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு மின்னினால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். கரண்ட் இல்லாத நேரத்தில் அப்படி ஆனால் பெரும்பாலும் மறுமுனை மெஷின் அணைந்திருக்கும், கரண்ட் வந்த சில நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். கரண்ட் இருக்கும்போதே LOS சிவப்பு என்றால் ஒயர் எங்கேயோ அறுந்திருக்கலாம். லாரி இழுத்திருக்கும், இல்லை ரோடு தோண்டியிருப்பார்கள். இடத்தைக் கண்டுபிடித்து ஒட்ட இரண்டு மணி நேரமும் ஆகலாம், மாலையும் ஆகலாம். அன்றைக்கு "அரை மணியில் வந்துவிடுவேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். PON பச்சையாக நின்றுகொண்டே நெட் வரவில்லை என்றால் உங்கள் வீடு வரைக்கும் லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு எங்களுக்கும் மேலே. இல்லாவிட்டால் பில் கட்டவில்லை. (இதைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.)

எப்படியும் ஆபரேட்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு டி.எல்.லிடம் பேசுங்கள். நாங்கள் சொல்லும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள். எங்களைப் பற்றி எங்களுக்கே தெரியும்.

மாடிவீடு – சனி, மதியம் 2:45

கேபிள்கடை அண்ணா, ரொம்ப நன்றி. எங்கள் ஆபரேட்டரிடம் கேட்டேன், பேட்டரிதான் என்று ஒத்துக்கொண்டார்.

இன்னொன்றும் இப்போதுதான் பார்த்தேன். அந்த வாட்ஸ்அப் மெசேஜை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால், டெலிவரி ஆன நேரம் 1:52 என்றே இருக்கிறது. 12:50-க்கு நான் அனுப்பியது ஒற்றை டிக்கூட விழாமல் கடிகாரக் குறியிலேயே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறது! என் போனிலேயே டேட்டா இல்லை. அனுப்பிவிட்டோம் என்று போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். டி.எல். பொய் சொல்கிறார் என்று இரண்டு நாளாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய_டிஎல் – சனி, மாலை 4:00

நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது இது. நெட் போனதை நெட் வழியாகச் சொல்லக் கூடாது. சாதாரண கால் செய்யுங்கள். டேட்டா திணறும்போதும் கால் பெரும்பாலும் போகும். எடுக்கவில்லை என்றால் சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள், அப்புறம் டீமில் இன்னொருவரைக் கூப்பிட்டு "டி.எல்.லிடம் சொல்லிவிடு" என்று சொல்லுங்கள். டி.எல். அந்த நேரத்தில் மீட்டிங்கில் இருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் நம்பர், ஆபரேட்டர் நம்பர், டீமில் இரண்டு பேர் நம்பர் எல்லாம் போனில் இருக்க வேண்டும், ஆபீஸ் சாட்டில் மட்டும் இருந்தால் லாகின் ஆகாமல் அதைப் பார்க்க முடியாது. சிரிப்பாக இருக்கும், ஆனால் என் டீமிலேயே மூன்று பேருக்கு இது நடந்திருக்கிறது.

நான் இருந்த இடத்தில் ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் தகவல் வந்தால் ஒரு குறியீடு, தொடங்கிய பிறகு வந்தால் வேறு குறியீடு. 1:29-க்கு வந்ததும் 1:31-க்கு வந்ததும் மாதக் கடைசியில் ஒரே மாதிரி எண்ணப்படாது. உங்கள் 1:52 அந்த இரண்டாவது டப்பாவில் விழுந்திருக்கிறது.

ராத்திரி_ஷிப்ட் – சனி, இரவு 9:15

எல்லோரும் தொழிலாளியையே திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். வாடகை மிச்சம், ஏசி மிச்சம், ஜெனரேட்டர் டீசல் மிச்சம் என்று கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. ஆபீசில் கரண்ட் போனால் சம்பளம் பிடிப்பார்களா? வீட்டில் போனால் மட்டும் ஏன் அரை நாள்? அழகாக மெசேஜ் எழுதியும் என் தங்கைக்கு மூன்று முறை பிடித்தார்கள்.

பழைய_டிஎல் – சனி, இரவு 10:05

உங்கள் கோபம் சரிதான், இதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்ய வைக்கும்போது கையெழுத்து வாங்குகிற தாளில் கரண்டுக்கும் நெட்டுக்கும் மாற்று ஏற்பாடு ஊழியர் பொறுப்பு என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். அது நியாயமா என்றால், நான் டி.எல்.லாக இருந்தபோதே எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. விட்ட நேரத்தை ஷிப்ட் கடைசியில் செய்து கொடுக்கிறேன் என்று கேட்டால் சில சமயம் சம்பளம் தப்பும். அதையும் அன்றைக்கே கேட்க வேண்டும், சம்பளம் போட்ட பிறகு கேட்டால் நடக்காது.

ஈரோடு_எக்ஸ்பிரஸ் – ஞாயிறு, காலை 7:50

ஆனால் ஒன்று, அடிக்கடி இப்படி அழகாக விவரம் சொன்னால் "இவளுக்கு எப்போதும் கரண்ட் பிரச்சினை" என்று பெயர் விழும். அதற்கு என்ன சொல்கிறீர்கள்? நான் ஹாட்ஸ்பாட்டோடு நிற்கிறேன்.

மாடிவீடு – நான்கு வாரம் கழித்து, புதன், இரவு 10:50

மறுபடியும் நானே. நாளைக்கு எங்கள் ஊரில் திரும்பவும் பராமரிப்பு, 9 முதல் 2 வரை. இந்த முறை பேப்பரைப் பார்த்த உடனே, மாலை 5 மணிக்கு டி.எல்.லைக் கூப்பிட்டேன். சொன்னது இவ்வளவுதான்:

"சார், நாளைக்கு 9 முதல் 2 வரை எங்கள் ஏரியாவில் மின்தடை. போன தடவை 2:40 ஆகிவிட்டது. 1:30-க்குப் பதிலாக 3 மணிக்கு வந்து, இரவு 12 வரை இருக்கலாமா? இல்லையென்றால் தஞ்சாவூரில் அத்தை வீட்டிலிருந்து 1:30-க்கே லாகின் செய்கிறேன், ஆனால் வேறு இடத்திலிருந்து செய்ய அனுமதி உண்டா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

வேறு இடம் கூடாதாம், கிளையன்ட் ஒப்புக்கொள்ள மாட்டார்களாம். கேட்காமல் போயிருந்தால் அது வேறு வம்பாகியிருக்கும். சாட் 11:30-க்கு மூடிவிடும், அதனால் 3 முதல் 11:30 வரை, மீதி அரை மணியைச் சனிக்கிழமை ஈடுகட்டு என்றார். 1:30 இடத்துக்குக் காலை ஷிப்ட் பெண் ஒருத்தி கூடுதலாக இருக்கச் சம்மதித்துவிட்டாள். போன மாதம் பிடித்த அரை நாள் சம்பளத்தைப் பற்றியும் கேட்டேன். அது முடிந்து போன கதை என்றார்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னால் வைத்ததும் எங்கள் ஷிப்ட் 2:30-க்குத் தள்ளிப்போகும். அதற்குப் பிறகு மார்ச் கடைசி வரை இந்த 9–2 மின்தடை என்னைத் தொடாது, சொன்ன நேரத்துக்குக் கரண்ட் வந்தால்.

ராத்திரி_ஷிப்ட் – புதன், இரவு 11:30

அந்தக் காலை ஷிப்ட் பெண்ணுக்குக் கூடுதல் நேரத்துக்குக் காசு உண்டா?

மாடிவீடு – வியாழன், காலை 8:55

கேட்டுச் சொல்கிறேன். 9 மணிக்குக் கரண்ட் போகப்போகிறது, போனைச் சார்ஜில் போட வேண்டும், ஓ.டி.பி. அதில்தான் வரும்.